மங்கலான போட்டோவில் இருக்கும் வேதிச் சமன்பாடு: முதலில் பெயர் வையுங்கள், பிறகு சமன் செய்யுங்கள்

யாரோ அனுப்பிய வேதியியல் பயிற்சித்தாளின் போட்டோ உங்கள் போனில் இருக்கிறது. பத்துச் சமன்பாடுகள், ஒவ்வொன்றையும் சமன் செய்ய வேண்டும், சேர்மங்களின் பெயரை எழுத வேண்டும், நிலைக் குறியீடுகளையும் போட வேண்டும். பெரும்பாலும் தாளில் சமன் செய்யும் பகுதிதான் முதலில் இருக்கும், பெயர் கடைசியில் வரும். போட்டோவை வைத்து வேலை செய்யும்போது அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு சேர்மத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் அதிலுள்ள அயனிகளின் மின்சுமையைக் கணக்குப் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்க்கும்போதே, போட்டோவில் தவறாகப் படித்த எண் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நேராகச் சமன் செய்யப் போனால், தவறான வாய்பாட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

போட்டோவில் எது ஏமாற்றும்

தாளில் சாதாரண எழுத்துகளே பெரும்பாலும் தெளிவாக விழும். கீழே சின்னதாக எழுதும் எண்கள்தான் முதலில் கரையும். 2-உம் 3-உம் ஒன்றுபோலத் தெரியும், சில நேரம் எண்ணே காணாமல் போய்விடும். அடைப்புக்குறியின் ஒரு பக்கம் நிழலில் மறைந்தால் Ca(OH)₂ என்பது CaOH₂ மாதிரி தெரியும். இது சின்ன விஷயமல்ல. முதலாவதில் இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். இரண்டாவதில் ஒரே ஒரு ஆக்சிஜன்தான்.

எழுத்துகளிலும் சில ஜோடிகள் உண்டு. CO என்றால் கார்பன் மோனாக்சைடு, Co என்றால் கோபால்ட். Cl-இல் உள்ள சின்ன எழுத்து 1 என்ற எண்ணைப் போலவே இருக்கும். கையெழுத்தில் Ca, Cu இரண்டும் குழம்பும். நிலைக் குறியீடுகள் இன்னும் மோசம்: (s) என்பது (5) போலவும், (l) என்பது (1) போலவும், (g) என்பது (9) போலவும் தெரியும். (aq)-இல் உள்ள கடைசி எழுத்து g போலத் தெரிந்தால் வெள்ளியின் குறியீடு என்று நினைத்துவிடத் தோன்றும். வெள்ளியின் குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, Ag. நிலைக் குறியீட்டில் எல்லாமே சின்ன எழுத்து, அதுவும் அடைப்புக்குறிக்குள், வாய்பாட்டின் வலப்பக்கம் மட்டுமே வரும். இதை நினைவில் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

படத்தை நீங்களே எடுப்பதாக இருந்தால் தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து, ஒரு முறைக்கு மூன்று நான்கு சமன்பாடுகள் மட்டும் வரும்படி நெருங்கி எடுங்கள். போனின் நிழல் தாளில் விழாமல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். வேறொருவர் அனுப்புவதாக இருந்தால், மெசேஜ் செயலியில் சாதாரணப் படமாக அல்லாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் பல செயலிகள் அளவைக் குறைத்துவிடும், கீழே உள்ள எண்கள்தான் அதில் முதலில் பலியாகும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் சமன்பாட்டை அப்படியே நகல் எடுங்கள். உறுதியாகத் தெரியாத எண் இருக்கும் இடத்தில் ஊகித்து எதையும் எழுதாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள்.

ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்

போட்டோவில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு ஒன்று முதல் சேர்மத்தின் மேலேயே ஓடுகிறது:

Fe?(SO₄)? + NaOH → Fe(OH)₃ + Na₂SO₄

கீழே ஒரு குறிப்பு: "இரண்டு கரைசல்களைச் சேர்த்தபோது செம்பழுப்பு நிற வீழ்படிவு தோன்றியது."

இரும்பு சல்பேட் இரண்டு வகை. FeSO₄-இல் இரும்பு Fe²⁺ ஆக இருக்கும், Fe₂(SO₄)₃-இல் Fe³⁺ ஆக இருக்கும். நம் வரியில் எது? வலப்பக்கம் பாருங்கள். ஹைட்ராக்சைடு அயனி OH⁻, அதன் மின்சுமை ஒன்று. Fe(OH)₃-இல் அது மூன்று இருப்பதால் மொத்தம் மூன்று எதிர்மின்சுமை. சேர்மம் நடுநிலையாக இருக்க வேண்டுமென்றால் இரும்பு Fe³⁺ ஆகத்தான் இருக்க வேண்டும். இந்த வினையில் இரும்பின் மின்சுமை மாறவில்லை, அயனிகள் ஜோடி மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அதனால் இடப்பக்கமும் Fe³⁺.

சல்பேட் அயனி SO₄²⁻, அதன் மின்சுமை இரண்டு. மூன்றும் இரண்டும் சந்திக்கும் மிகச் சிறிய எண் ஆறு. இரண்டு Fe³⁺ ஆறு நேர்மின்சுமை தரும், மூன்று SO₄²⁻ ஆறு எதிர்மின்சுமை தரும். ஆக வாய்பாடு Fe₂(SO₄)₃. மடிப்பில் மறைந்த இரண்டு எண்களும் கிடைத்துவிட்டன. வாய்பாட்டில் அடைப்புக்குறி இருப்பதே ஒரு சாட்சிதான்: FeSO₄ ஆக இருந்திருந்தால் சல்பேட்டைச் சுற்றி அடைப்புக்குறி போட வேண்டிய அவசியமே இல்லை.

நிறக் குறிப்பும் ஒத்துப்போகிறது. இரும்பு(III) ஹைட்ராக்சைடு வீழ்படிவு செம்பழுப்பு, இரும்பு(II) ஹைட்ராக்சைடு பச்சை. வலப்பக்கம் உள்ள 3 என்ற எண்ணே மங்கலாக இருந்திருந்தால் இந்த நிறம் ஒன்றை வைத்தே முடிவுக்கு வந்திருக்கலாம். எனவே கேள்வியின் ஓரத்தில் இருக்கும் வாக்கியங்களை வெட்டிவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பலரும் சமன்பாடு இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்து அனுப்புகிறார்கள், அதில் பாதித் தகவல் போய்விடுகிறது.

பெயர் வைப்பது

மின்சுமை கையில் இருக்கும்போது பெயர் எளிது. உலோக அயனி முதலில், எதிர்மின் அயனி பிறகு. Fe₂(SO₄)₃ என்பது இரும்பு(III) சல்பேட். NaOH சோடியம் ஹைட்ராக்சைடு, Fe(OH)₃ இரும்பு(III) ஹைட்ராக்சைடு, Na₂SO₄ சோடியம் சல்பேட்.

அடைப்புக்குறிக்குள் உள்ள ரோமன் எண் எல்லா உலோகத்துக்கும் தேவையில்லை. இரும்பு, தாமிரம், ஈயம், வெள்ளீயம் போல ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை எடுக்கும் உலோகங்களுக்குத்தான். சோடியம் சேர்மங்களில் எப்போதும் Na⁺, கால்சியம் Ca²⁺, அலுமினியம் Al³⁺ என்று வைத்துக்கொள்ளலாம், எனவே அவற்றுக்கு எண் எழுதுவதில்லை. Na₂SO₄-ஐ டைசோடியம் சல்பேட் என்று எழுதும் பழக்கமும் பள்ளிப் பயிற்சித்தாளில் வேண்டாம். இரண்டு சோடியம் இருப்பது மின்சுமையிலிருந்தே தெரியும்.

இந்த ரோமன் எண்ணில் அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை, ஓர் உலோக அயனியின் மின்சுமையைச் சொல்கிறது. Fe₂O₃-இல் மூன்று ஆக்சிஜன் இருக்கிறது, பெயரிலும் III வருகிறது. அது தற்செயல். Cu₂O-வை எடுத்தால் விஷயம் தெளிவாகும். ஆக்சைடு O²⁻, அதன் இரண்டு எதிர்மின்சுமையை இரண்டு தாமிர அயனிகள் பகிர்ந்து ஈடுகட்டுகின்றன, ஆளுக்கு ஒன்று. எனவே பெயர் காப்பர்(I) ஆக்சைடு. வாய்பாட்டில் 2 தெரிகிறது என்பதற்காக II எழுதினால் அது CuO-வின் பெயராகிவிடும்.

உலோகம் இல்லாமல் இரண்டு அலோகங்கள் மட்டும் சேர்ந்த சேர்மமாக இருந்தால் முறை வேறு. அங்கே எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்ல வேண்டும். CO கார்பன் மோனாக்சைடு, CO₂ கார்பன் டைஆக்சைடு, N₂O₄ டைநைட்ரஜன் டெட்ராக்சைடு. இங்கே கீழே உள்ள எண் மங்கலாக இருந்தால் மின்சுமைக் கணக்கு உதவாது, ஏனென்றால் NO, NO₂, N₂O, N₂O₄ எல்லாமே உண்மையில் இருக்கும் சேர்மங்கள். அப்போது சமன் செய்யும் பகுதிதான் துப்பு கொடுக்கும். அதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இப்போது சமன் செய்யலாம்

Fe₂(SO₄)₃ + NaOH → Fe(OH)₃ + Na₂SO₄

இதை அணு அணுவாக எண்ணத் தொடங்கினால் ஆக்சிஜனில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் நான்கு சேர்மங்களிலும் ஆக்சிஜன் இருக்கிறது. சல்பேட் இரு பக்கமும் உடையாமல் அப்படியே இருக்கிறது, ஹைட்ராக்சைடும் அப்படியே. எனவே SO₄ என்பதை ஒரே உருப்படியாகவும் OH என்பதை ஒரே உருப்படியாகவும் எண்ணுங்கள். எண்ண வேண்டியவை நான்குதான்: Fe, SO₄, Na, OH.

இரும்பிலிருந்து தொடங்கலாம். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1. வலப்பக்கம் Fe(OH)₃-க்கு முன்னால் 2 போடுகிறோம். சல்பேட் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 1. Na₂SO₄-க்கு முன்னால் 3. இப்போது வலப்பக்கம் ஹைட்ராக்சைடு எத்தனை? 2Fe(OH)₃ என்றால் இரண்டு முறை மூன்று, ஆறு. இங்கே அவசரப்பட்டு மூன்று என்று எழுதுபவர்கள் உண்டு, முன்னால் உள்ள எண் முழுச் சேர்மத்தையும் பெருக்கும். இடப்பக்கம் NaOH-க்கு முன்னால் 6. கடைசியாகச் சோடியம்: இடப்பக்கம் 6, வலப்பக்கம் 3Na₂SO₄-இல் மூன்று முறை இரண்டு, அதுவும் 6.

Fe₂(SO₄)₃ + 6NaOH → 2Fe(OH)₃ + 3Na₂SO₄

சோடியத்தை நாம் தொடவே இல்லை, அதுவாகவே ஒத்துப்போனது. கடைசித் தனிமம் இப்படித் தானாக அமைவது கணக்கு சரி என்பதற்கு நல்ல அறிகுறி. சந்தேகமிருந்தால் ஆக்சிஜனை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்: இடப்பக்கம் சல்பேட்டில் 12, ஹைட்ராக்சைடில் 6, மொத்தம் 18. வலப்பக்கம் ஹைட்ராக்சைடில் 6, சல்பேட்டில் 12. சரி.

சமன் செய்யும்போது மாற்றக்கூடியது முன்னால் வரும் எண்ணை மட்டுமே. அதைக் கெழு என்பார்கள். கீழே உள்ள எண்ணைத் தொட்டால் சேர்மமே மாறிவிடும். இரும்பைச் சரிக்கட்ட Fe₂(OH)₃ என்று எழுதினால் எண்ணிக்கை பொருந்தலாம், ஆனால் மின்சுமை பொருந்தாது, அப்படி ஒரு சேர்மமும் இல்லை. முன்னரே பெயர் எழுதி வைத்திருந்தால் இந்தத் தவறு வரவே வராது: இரும்பு(III) ஹைட்ராக்சைடு என்று எழுதிய கை, பிறகு Fe₂(OH)₃ என்று எழுதத் தயங்கும்.

எரிதல் வினைகளில் வேறு ஒரு சிக்கல் வரும். ஈத்தேன் எரிவதை எடுத்தால், C₂H₆ ஒன்றுக்கு 2CO₂, 3H₂O. வலப்பக்கம் ஆக்சிஜன் ஏழு, ஒற்றைப்படை. இடப்பக்கம் O₂ ஜோடியாகத்தான் வரும். அப்போது தயங்காமல் மூன்றரை O₂ என்று எழுதுங்கள், பிறகு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்: 2C₂H₆ + 7O₂ → 4CO₂ + 6H₂O. கார்பன், ஹைட்ரஜன், கடைசியில் ஆக்சிஜன் என்ற வரிசையில் போவது நல்லது, O₂ தனியாக நிற்பதால் கடைசியில் அதைச் சரிக்கட்டுவது எளிது.

சமனே ஆகவில்லை என்றால்

மின்சுமைக் கணக்கு பிடிக்க முடியாத தவறுகளும் உண்டு. சல்பேட் SO₄²⁻, சல்பைட் SO₃²⁻. இரண்டுக்கும் மின்சுமை ஒன்றுதான். நைட்ரேட் NO₃⁻, நைட்ரைட் NO₂⁻ கதையும் அதேதான். கீழே உள்ள எண் 3-ஆ 4-ஆ என்று தெரியாதபோது இரண்டுமே சரியான வாய்பாடாகத் தோன்றும். Na₂SO₃, Na₂SO₄ இரண்டையும் எழுதலாம், இரண்டுக்கும் பெயர் உண்டு.

போட்டோவில் நீங்கள் இப்படிப் படித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

Na₂SO₄ + HCl → NaCl + H₂O + SO₂

ஒரு Na₂SO₄ என்று தொடங்குவோம். சோடியம் இரண்டு, எனவே 2NaCl. குளோரின் இரண்டு, எனவே 2HCl. ஹைட்ரஜன் இரண்டு, எனவே ஒரு H₂O. கந்தகம் ஒன்று, எனவே ஒரு SO₂. எல்லாக் கெழுவும் முடிவாகிவிட்டது, எதையும் மாற்ற இடமில்லை. ஆக்சிஜனை எண்ணினால் இடப்பக்கம் 4, வலப்பக்கம் ஒன்றும் இரண்டும் சேர்ந்து 3. ஓர் ஆக்சிஜன் கேட்பாரற்று நிற்கிறது. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் இரண்டு ஆக்சிஜன் நிற்கும், மூன்றால் பெருக்கினால் மூன்று நிற்கும். எத்தனை முறை முயன்றாலும் தீராது.

மற்றத் தனிமங்கள் எல்லாக் கெழுக்களையும் முடிவு செய்துவிட்ட பிறகும் ஒரு தனிமம் ஒத்துவரவில்லை என்றால், உங்கள் கணக்கை அல்ல, வாய்பாட்டைச் சந்தேகப்படுங்கள். மங்கலாக இருந்த அந்த 4-ஐ 3 ஆக்கிப் பாருங்கள்:

Na₂SO₃ + 2HCl → 2NaCl + H₂O + SO₂

உடனே பொருந்திவிட்டது. இப்போது பெயரையும் திருத்த வேண்டும், சோடியம் சல்பேட் அல்ல, சோடியம் சல்பைட். போட்டோவைப் பெரிதாக்கி அந்த எண்ணை மறுபடி பாருங்கள். 3 என்று எதிர்பார்த்துப் பார்க்கும்போது அதன் வளைவு தெரிய வாய்ப்பு அதிகம்.

ஒரு தனிமம் ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் அது வேறு வகைத் தவறு. CaCO₃ + HCl → CaCl₂ + H₂O என்று மட்டும் தெரிந்தால், கார்பன் எங்கே போனது? படத்தின் வலது ஓரத்தில் CO₂ வெட்டுப்பட்டிருக்கிறது. இதை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு வரும் என்பது தெரிந்த விஷயம். சமன் செய்தால் CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂.

நிலைக் குறியீடுகள்

நான்குதான்: திண்மத்துக்கு (s), திரவத்துக்கு (l), வாயுவுக்கு (g), நீரில் கரைந்ததற்கு (aq). குழப்பம் எல்லாம் (l), (aq) இரண்டையும் சுற்றித்தான். திரவம் வேறு, நீர்க்கரைசல் வேறு. உருக்கிய சோடியம் குளோரைடு NaCl(l), உப்புத் தண்ணீரில் உள்ளது NaCl(aq), பாட்டிலில் உள்ள உப்பு NaCl(s). தண்ணீர் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளாது, எனவே H₂O(aq) என்று எழுதவே கூடாது. போட்டோவில் அப்படித் தெரிந்தால் நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள்.

நம் இரும்பு எடுத்துக்காட்டில் "இரண்டு கரைசல்களை" என்ற சொல்லே இடப்பக்கத்தைத் தீர்த்துவிடுகிறது, இரண்டும் (aq). வலப்பக்கத்தில் வீழ்படிவு எது? சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் நைட்ரேட்டுகளும் கரையும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ராக்சைடுகளில் சோடியம், பொட்டாசியம் போன்றவை தவிரப் பெரும்பாலானவை கரையாது, கார்பனேட்டுகளும் அப்படியே. குளோரைடுகளில் வெள்ளி, ஈயம் கரையாதவை. சல்பேட்டுகளில் பேரியம், ஈயம். இவ்வளவு தெரிந்தாலே பள்ளிப் பயிற்சித்தாளில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம். சோடியம் சல்பேட் கரையும், இரும்பு(III) ஹைட்ராக்சைடு கரையாது:

Fe₂(SO₄)₃(aq) + 6NaOH(aq) → 2Fe(OH)₃(s) + 3Na₂SO₄(aq)

நிலை சூழ்நிலையைப் பொறுத்தது, சேர்மத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஈத்தேன் எரியும் சுடரில் உருவாகும் நீர் H₂O(g). அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்த பிறகு என்று கேள்வி சொன்னால் H₂O(l). கேள்வி எதுவும் சொல்லவில்லை என்றால், அதே தாளில் மற்ற வினைகளில் எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து அதே வழியில் போங்கள்.

சில இடங்களில் நிலைக் குறியீடு பெயரையே மாற்றிவிடும். HCl(g) என்பது ஹைட்ரஜன் குளோரைடு, HCl(aq) என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாய்பாடு ஒன்றுதான், பெயர் இரண்டு. முதலில் பெயர் வைக்கச் சொன்னாலும், இந்த மாதிரி அமிலங்களுக்கு மட்டும் நிலைக் குறியீடு போட்ட பிறகு பெயரை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஊகிக்கவே முடியாதபோது

எல்லா மங்கலும் இப்படித் தீராது. நம் எடுத்துக்காட்டில் இரும்பைச் சுற்றியுள்ள எண்கள் இரு பக்கமும், சல்பேட்டின் அடைப்புக்குறியும் மறைந்து, நிறக் குறிப்பும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகும்? FeSO₄ + 2NaOH → Fe(OH)₂ + Na₂SO₄ என்பதும் அழகாகச் சமன் ஆகும், மின்சுமையும் பொருந்தும். இரண்டு விடையும் சரியான வேதியியல், கேள்வி எது என்பது மட்டும் தெரியாது. அப்போது அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் விடைக்கு மேலே "இரும்பு(III) சல்பேட் என்று எடுத்துக்கொண்டு" என ஒரு வரி எழுதிவிட்டுச் சமன் செய்யுங்கள். திருத்துபவர் உங்கள் முறையைப் பார்த்துக்கொள்வார்.